உனக்கு ஒரே ஒரு எண்

டெஸ்டினி 2 விளையாடுபவர்கள் ரெய்டுக்கு ஆள் தேடிப் போடும் அறிவிப்புகளில் KWTD என்ற நான்கு எழுத்துகள் அடிக்கடி கண்ணில் படும். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் மட்டும் வாருங்கள் என்பது அதன் பொருள். தெரியாதவர் எங்கே போய்த் தெரிந்துகொள்வது என்பதற்கு அந்த அறிவிப்பில் பதில் கிடையாது. யூடியூபில் விளக்க வீடியோக்கள் நிறைய உண்டு. ஆனால் வீடியோ பார்த்துவிட்டு முதல் ரெய்டுக்குள் நுழைந்தவருக்கு, எதிரிகள் சுடத் தொடங்கிய சில நொடிகளிலேயே பார்த்ததெல்லாம் மறந்துபோகும். அப்படிப்பட்ட ஒருவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் பழைய ஆட்டக்காரரை இந்த வட்டாரத்தில் ஷெர்பா என்கிறார்கள்.

ரெய்டு என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் விளையாட்டுகளில், ஒரு குழு ஒன்றாக நுழைந்து, ஒன்றாகப் புதிர் அவிழ்த்து, கடைசியில் ஒரு பெரிய எதிரியை வீழ்த்த வேண்டிய நீண்ட கட்டத்துக்கு அந்தப் பெயர். 2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்க கால ரெய்டுகளில் 40 பேர் வரை போனார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் கொஞ்சம் தடுமாறினாலும் வெளியே தெரியாது. பங்கி நிறுவனம் 2014 செப்டம்பரில் டெஸ்டினியை வெளியிட்டு, ஒரு வாரம் கழித்து அதன் முதல் ரெய்டான வால்ட் ஆஃப் கிளாஸைத் திறந்தபோது, உள்ளே போகக்கூடியவர்கள் ஆறே பேர். விளையாட்டே ஆள் சேர்த்துக் கொடுக்கும் வழக்கமான வசதி ரெய்டுக்கு இல்லை. உள்ளே போனபின் எங்கே நிற்பது, எதைச் சுடுவது என்று திரை சொல்லித் தருவதும் இல்லை. ஆறு பேரும் பேசிப் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2021 மே மாதம் இந்த ரெய்டு சில மாற்றங்களோடு டெஸ்டினி 2-க்கு வந்தது. நான் சொல்லப்போவது அந்த வடிவத்தைப் பற்றி.

ஆறு பேர் என்பதில்தான் புதியவரின் பயம் இருக்கிறது. தனியாக ஆடும்போது செத்தால் அவருக்கு மட்டும் நஷ்டம். ரெய்டில் ஒருவர் தவறினால் ஆறு பேரும் விழுவார்கள், அந்தக் கட்டம் முதலிலிருந்து தொடங்கும். இதை வைப் என்பார்கள். முகம் தெரியாத ஐந்து பேருடைய அரை மணி நேரத்தை வீணாக்கிவிட்டோம் என்ற கூச்சம், பெரிய எதிரியைவிட அதிகமாகப் புதியவரை உலுக்கும். கை நடுங்கும், குறி தப்பும், அடுத்த வைப்பும் அவராலேயே நடக்கும்.

இதற்குச் சுலபமான ஒரு வழி உண்டு. திறமையான ஐந்து பேர் எல்லாவற்றையும் செய்து முடிக்க, ஆறாமவர் ஓரமாக நின்று கடைசியில் பரிசை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதைக் கேரி என்கிறார்கள். துப்பாக்கி கிடைக்கும், ஆனால் அடுத்த வாரமும் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஷெர்பாவின் வேலை வேறு. ஆறாமவருக்கும் ஒரு பொறுப்பு கொடுத்து, அதை அவரே செய்யும்வரை காத்திருப்பது. அது எப்படி நடக்கும் என்பதை ஒரு கதையாகச் சொல்கிறேன். இதில் வரும் அக்காவும் தம்பியும் என் கற்பனை. அவர்கள் நிற்கும் இடமும் அங்குள்ள விதிகளும் விளையாட்டில் உள்ளபடியே.

சனிக்கிழமை இரவு பதினொன்றரை. அக்கா மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர், இந்த ரெய்டைப் பலமுறை முடித்தவர். அவரோடு வழக்கமாக ஆடும் நான்கு பேர் இருக்கிறார்கள். ஆறாவதாகக் கல்லூரி மாணவன் ஒருவன் வந்திருக்கிறான். முதல் கட்டங்களில் அவனுக்குப் பெரிய சிரமம் இல்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான், வந்ததைச் சுட்டான். இப்போது ஆரக்கிள் கட்டம் வந்துவிட்டது.

கண்ணாடிப் பளபளப்பும் கல்லும் கலந்த ஒரு பெரிய அரங்கம். அதில் ஆரக்கிள்கள் தோன்றும் இடங்கள் ஏழு. ஆரக்கிள் என்பது காற்றில் மிதக்கும் ஓர் ஒளிக்கோளம். அவை மணியடித்தது போன்ற ஓசையோடு ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறையும். அதே வரிசையில் இன்னொரு முறையும் தோன்றி மறையும். அதற்குப்பின் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். முன்பு எந்த வரிசையில் தோன்றினவோ அதே வரிசையில் சுட்டு உடைக்க வேண்டும். முதல் சுற்றில் மூன்று ஆரக்கிள்கள், போகப்போகக் கூடிக் கடைசிச் சுற்றில் ஏழும் வரும். வரிசை தப்பினால் அணியின்மேல் ஓர் அழிவுக்குறி விழும். பெரும்பாலும் அதோடு ஆட்டம் முடிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இவ்வளவும் நடக்கும்போது வெக்ஸ் என்ற இயந்திரப் படை நாலாபுறமும் சுட்டுக்கொண்டே இருக்கும்.

நான் இப்போது உங்களிடம் சொன்னதை அக்கா அவனிடம் சொல்லவில்லை. அவர் ஆரம்பித்ததே வேறு மாதிரி.

"தம்பி, என் பின்னாடியே வா. இங்க நில்லு. வலது பக்கம் அந்தத் தூணுக்கு மேல பாரு. அதுதான் உன் இடம். பேரு ஆர்-1. திருப்பிச் சொல்லு."

"ஆர்-1."

"அங்க ஒரு வெளிச்சம் வரும். எத்தனாவதா வருதுன்னு மட்டும் பாரு. மொதல்ல வந்தா ஒண்ணு, ரெண்டாவதா வந்தா ரெண்டு. வரவே இல்லைன்னா உனக்கு அந்தச் சுத்துல வேலை இல்ல. மத்த ஆறு இடத்தையும் நாங்க பாத்துக்கறோம். உனக்கு ஒரே ஒரு எண்தான்."

ஏழு இடங்களுக்கும் இடப்பக்கம் மூன்று, நடுவில் ஒன்று, வலப்பக்கம் மூன்று என்று பெயர் வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். ஆனால் குழுவுக்குக் குழு எண் மாறும். ஒரு வீடியோவில் ஆர்-1 என்று சொன்ன இடம் இன்னொரு குழுவுக்கு ஆர்-3 ஆக இருக்கலாம். வீடியோ பார்த்துவிட்டு வருபவர்கள் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் அக்கா பெயரைச் சொல்வதற்கு முன் அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கண்ணால் இடத்தைப் பார்த்தபின் பெயர் எதுவானாலும் பரவாயில்லை.

முழு வரிசையையும் ஒருவரே நினைவில் வைத்துச் சொல்வதும் ஒரு முறைதான். பழகிய குழுக்கள் பல அப்படிச் செய்வதுண்டு. ஏழு இடங்கள், ஏழு எண்கள், நடுவே துப்பாக்கிச் சத்தம் என்றால் புதியவரின் மண்டைக்குள் எதுவும் நிற்காது. இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் ஒருவருக்கு ஒரு எண் போதும். ஆறு பேருக்கு ஏழு இடம் என்பதால் ஒருவர் மட்டும் இரண்டைப் பார்க்க வேண்டும். அக்கா நடுவையும் ஆர்-2-ஐயும் எடுத்துக்கொண்டார். ஆர்-2 தம்பியின் இடத்துக்கு அடுத்தது. அவனுடைய எண்ணையும் சேர்த்துக் கவனிக்கலாம் என்பதற்காகவே அதை எடுத்தார், ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை.

முதல் முயற்சி, முதல் சுற்று. மூன்று ஆரக்கிள்கள் தோன்றி மறைந்தன. மறுபடி தோன்றி மறைந்தன. எண்ணைச் சொல்லச் சொன்னார்கள். ஒருவர் எல்-3 ஒன்று என்றார். அக்கா நடு மூன்று என்றார். தம்பி வாயைத் திறக்கவில்லை. மூன்றும் ஒன்றாக வந்து நின்றன. எல்-3 உடைந்தது. அடுத்தது அவனுடையது. அவன் சுடவில்லை. நேரம் கடந்தது, குறி விழுந்தது, ஆறு பேரும் விழுந்தார்கள்.

"சாரிக்கா. சாரி எல்லாருக்கும்."

"இருக்கட்டும். உனக்கு என்ன எண் வந்துச்சு?"

"அஞ்சு."

இந்த இடத்தில் பலர் செய்வது என்னவென்றால், உன்னுடையது இரண்டு, சரியாகப் பார் என்று சொல்லிவிட்டு அடுத்த முயற்சியைத் தொடங்குவது. அக்கா ஒரு நொடி யோசித்தார். வந்ததே மூன்றுதான். மூன்றில் ஐந்து எப்படி வரும்? முதல் முறை ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டாம் முறை நான்கு, ஐந்து, ஆறு. அவனுடைய ஆரக்கிள் இரண்டாவது. இரண்டாம் முறை அது ஐந்தாவதாக வந்தது. அவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான், எண்ணுவதை நிறுத்தாமல் போயிருக்கிறான்.

"நீ பாத்தது கரெக்ட் தம்பி. ஆனா அது ரெண்டு தடவை வரும். மொத தடவை முடிஞ்சதும் சின்ன இடைவெளி விடும். அங்க மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பி. ரெண்டாவது தடவை சும்மா சரிபாக்கறதுக்குத்தான்."

அவன் தவறான எண் சொன்னதற்கும் கவனம் சிதறியதற்கும் சம்பந்தமே இல்லை. அவனுக்குச் சொல்லப்படாத ஒரு விவரம் விடுபட்டிருந்தது. வரிசை இரண்டு முறை வரும் என்பது பழகியவர்களுக்கு மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டதால், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. சொல்லித்தருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இப்படி ஒன்றிரண்டு விடுபடும். புதியவர் சொல்லும் தப்பான விடையைக் கேட்டால்தான் எது விடுபட்டது என்று தெரியவரும். அதனால் என்ன எண் வந்தது என்று கேட்பது, சரியான எண்ணைச் சொல்வதைவிட முக்கியமாகிறது.

இரண்டாம் முயற்சியில் முதல் சுற்று முடிந்தது. அடுத்த சுற்றில் நான்கு. தம்பியின் எண் நான்கு. எண்ணைச் சொல்லும்போது குரல் கம்மியாக இருந்தாலும் சரியாகச் சொன்னான். ஆரக்கிள்கள் வந்து நின்றன. ஒன்று உடைந்தது. இரண்டு உடைந்தது. யாரோ "மூணு" என்று கத்தினார்கள். அவன் உடனே சுட்டுவிட்டான். மூன்றாவது இன்னும் உடையவில்லை. வைப்.

இந்தமுறை அக்கா அவனைக் கேட்கவில்லை, மற்றவர்களைக் கேட்டார். "மூணுன்னு கத்துனது யாரு? சுடப்போறேன்னு சொன்னியா, சுட்டுட்டேன்னு சொன்னியா?" சுடப்போகிறேன் என்றுதான் சொன்னாராம் அந்த நண்பர். பழகிய ஐவருக்கு அந்தக் குரலின் தொனியிலேயே வித்தியாசம் தெரியும். புதியவனுக்குத் தெரியாது. அங்கேயே ஒரு விதி வைத்தார்கள். தோன்றும் நேரத்தில் இடத்தையும் எண்ணையும் சொல்வது. சுடும் நேரத்தில், உடைந்த பிறகு மட்டும், "மூணு போச்சு" என்று சொல்வது. வேறு பேச்சே கூடாது. கிரிக்கெட் ஸ்கோர், நாளைய வேலை எல்லாம் சுற்றுகளுக்கு இடையில் பேசிக்கொள்ளலாம்.

நல்ல ஷெர்பாவை அடையாளம் காண எனக்குத் தெரிந்த வழி இதுதான். புதியவர் தவறும்போது அவரை மட்டும் திருத்துபவர் பாதி வேலைதான் செய்கிறார். புதியவர் நுழைந்ததும் பழைய ஐவரும் தங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதை அவர்களிடம் கேட்டு வாங்க ஒருவர் வேண்டும்.

மூன்றாம் முயற்சி ஐந்து ஆரக்கிள் வரை போனது. தம்பி தன் எண்ணைச் சொல்லிவிட்டு வெளிச்சம் வரும் இடத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் நின்ற ஒரு ஹாப்காப்ளின், குறிபார்த்துச் சுடும் வகை இயந்திரம், அவனை வீழ்த்திவிட்டது. ஒருவர் ஓடிவந்து எழுப்பினார். அந்த அவசரத்தில் அவர் தன்னுடைய எண்ணை மறந்துவிட்டார்.

"என் தப்பு. எனக்கு என்ன எண்ணுன்னே மறந்துபோச்சு" என்றார் அந்த நண்பர், ரொம்ப சாதாரணமாக.

மூன்று வருடமாக இதே ரெய்டை ஆடுபவர் அவர். தம்பி அப்போதுதான் முதல்முறையாகத் தானாகப் பேசினான். "அண்ணா, அந்த ஸ்னைப்பர் எங்கிருந்து வருது? எனக்குத் தெரியவே இல்ல." அதுவரை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன், முதல் கேள்வியைக் கேட்டுவிட்டான். ஹாப்காப்ளின்கள் பின்பக்க மேடையில் நிற்கும் என்று காட்டினார்கள். ஆரக்கிள்கள் தோன்றத் தொடங்கும் முன்பே அந்த மேடையைத் துடைத்து வைப்பது இனி அக்காவின் பொறுப்பு. தம்பி ஒளிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் உடலை மறைத்து, தலையை மட்டும் நீட்டிப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தைப் பார்க்க முழு உடம்பும் வெளியே தெரிய வேண்டியதில்லை என்பது அவனுக்குப் புதிய செய்தி.

இப்படிப்பட்ட சொல்லிக்கொடுத்தலை விளையாட்டு நிறுவனமே ஏற்பாடு செய்ய முயன்றதும் உண்டு. 2017-ல் டெஸ்டினி 2 வந்தபோது, பழகிய குழுக்கள் தனியாக ஆடும் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதற்கென்றே விளையாட்டுக்குள் ஒரு வசதி இருந்தது. அது நிலைக்கவில்லை. ஆளைச் சேர்த்துவிடுவது மென்பொருளால் முடிகிற காரியம். ஐந்து என்ற தப்பான விடையிலிருந்து குழப்பத்தைக் கண்டுபிடிப்பதற்கு, எண்ணிக்கையில் தானும் ஒருநாள் தடுமாறிய ஆள் வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்த முயற்சியில் அவர்கள் கடைசிச் சுற்றுக்கு வந்தார்கள். ஏழு ஆரக்கிள்கள். எல்-2 ஒன்று, ஆர்-3 இரண்டு, எல்-1 மூன்று, நடு நான்கு, எல்-3 ஐந்து, ஆர்-2 ஆறு. ஆர்-1 ஏழு.

"ஆர்-1 ஏழு" என்றான் தம்பி. இரண்டாம் முறை தோன்றியபோது மறுபடி, யாரும் கேட்காமலே, "ஏழுதான்" என்றான்.

கடைசி எண் கிடைப்பது நல்லதும் கெட்டதும். நிறைய நேரம் இருக்கிறது, ஆனால் அந்த நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். முன்னால் ஐந்து பேர் உழைத்ததெல்லாம் அவன் கையில் வந்து நிற்கும். ஒன்று போச்சு. இரண்டு போச்சு. மூன்று போச்சு. நடுவில் இருந்ததை அக்கா உடைத்தார். எல்-3 கொஞ்சம் தாமதமானது. யாரும் எதுவும் சொல்லவில்லை, அஞ்சு போச்சு என்ற குரல் வந்தது. அக்கா திரும்பி ஆர்-2-ஐச் சுட்டார். "ஆறு போச்சு." அவருடைய துப்பாக்கி அப்படியே ஆர்-1 பக்கம் திரும்பி நின்றது. தம்பி தவறவிட்டால் மட்டும் சுடுவதற்கு.

அவன் முதலில் சுட்ட குண்டுகளில் சில தூணில் பட்டன. அடுத்தவை ஆரக்கிளில் பட்டன. "ஏழு போச்சு!" அக்கா விசையை அழுத்தவே இல்லை.

அதற்குப்பின் கொஞ்ச நேரம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெட்டியைத் திறந்து கிடைத்த ஆயுதத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மணி ஒன்றரை தாண்டியிருந்தது. அடுத்தது டெம்ப்ளர் என்ற பெரிய எதிரி. அங்கே கேடயம் தூக்குபவர் ஒருவர் வேண்டும், அது நகரும் இடத்தைத் தடுப்பவர் ஒருவர் வேண்டும். எல்லாம் புதிய பாடம். தம்பி இன்னொன்று போகலாம் என்றான். அவனுடைய உற்சாகம் நிஜம்தான், ஆனால் கடைசி அரை மணி நேரத்தில் மற்ற நால்வரும் எண் சொல்லும் வேகம் குறைந்துகொண்டே வந்ததை அக்கா கவனித்திருந்தார். களைத்த குழு புதியவரிடம் எரிந்து விழத் தொடங்கும், அதுவரை கிடைத்த தைரியமெல்லாம் ஒரு வார்த்தையில் போய்விடும்.

அவசரப்பட வேண்டிய தேவையும் இல்லை. டெஸ்டினியில் முடித்த கட்டம் வரை சேமிப்பாகும். வாரக் கணக்கு புதுப்பிக்கப்படும் வரை, நம் நேரப்படி செவ்வாய் இரவு பத்தரை வரை, அங்கிருந்தே தொடரலாம். ஞாயிறு இரவு பத்து மணிக்கு என்று முடிவு செய்தார்கள்.

"நாளைக்கு டெம்ப்ளர முடிச்சுட்டா, கடைசில ஏத்தியான்னு ஒருத்தன் வருவான்" என்றார் அக்கா. "அவன் மூணு பேர வேற காலத்துக்குத் தூக்கிப் போட்டுருவான். யார எடுப்பான்னு முன்கூட்டியே தெரியாது. அங்கயும் ஆரக்கிள்தான். வெளிய நிக்கற மூணு பேருக்குத்தான் வரிசை தெரியும், அவங்க சொல்லச் சொல்ல உள்ள இருக்கறவங்க சுடணும். நீ வெளிய மாட்டுனா உன் எண்ண மட்டும் சொன்னாப் பத்தாது. மூணையும் சொல்லணும்."

"மூணுதானக்கா. ஏழு இல்லையே" என்றான் தம்பி.